இடிபாட்டின் எடைச்சீட்டு

2022 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.30 மணி. நொய்டாவின் 93ஏ செக்டாரில் ஏபெக்ஸ், செயேன் என்ற இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் சில நொடிகளில் தரையோடு தரையாயின. தூண்களில் துளைபோட்டு நிரப்பிய வெடிமருந்து சுமார் 3,700 கிலோ. விதிமீறிக் கட்டியதால் இடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஓராண்டுக்கு முன்பே தீர்ப்பளித்திருந்தது. தொலைக்காட்சிகள் எல்லாம் அந்த நொடிகளையே திரும்பத் திரும்பக் காட்டின. புழுதி அடங்கியதும் கேமராக்கள் கிளம்பிவிட்டன. மிச்சமிருந்தது சுமார் 80,000 டன் இடிபாடு.

இந்தக் கணக்கு சுவாரஸ்யமானது. இரு கோபுரங்களின் கட்டிடப் பரப்பு சுமார் ஏழரை லட்சம் சதுர அடி, அதாவது 70,000 சதுர மீட்டர் அளவு. வகுத்துப் பார்த்தால் சதுர மீட்டருக்கு 1.1 டன்னுக்குக் கொஞ்சம் மேல். இந்தியாவில் கட்டிடக் கழிவைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக எடுத்து வைக்கும் எண் வேறு. மத்திய அரசின் தொழில்நுட்பத் தகவல் அமைப்பான டைஃபாக் 2001இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி புதிதாகக் கட்டும்போது சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ, பழுது பார்க்கும்போது 40 முதல் 50 கிலோ, இடிக்கும்போது 300 முதல் 500 கிலோ கழிவு வரும். நொய்டா இடிபாடு அதைப்போல் இருமடங்குக்கும் மேல். இதில் மர்மம் ஏதுமில்லை. கான்கிரீட் சட்டகமும் செங்கல் சுவரும் கொண்ட கட்டிடத்தில் ஒரு தளத்தின் சொந்த எடையைச் சதுர மீட்டருக்கு ஒரு டன் முதல் 1.2 டன் வரை என்றுதான் கட்டமைப்புப் பொறியாளர்கள் தோராயமாக வைத்துக்கொள்கிறார்கள். நின்றபோது இருந்த எடை விழுந்த பிறகும் இருக்கத்தானே செய்யும்.

ஆக, ஒரு கட்டிடத்துக்குக் கழிவு மேலாண்மைத் திட்டம் எழுத உட்காருகிறவர் முதல் வரியிலேயே தடுமாற வாய்ப்புண்டு. 500 கிலோ என்று போட்டுக்கொண்டால் லாரி நடைகளின் எண்ணிக்கை பாதியாகத் தெரியும். கடைசியில் கணக்கில் வராத மறுபாதி எந்த ஏரிக்கரையில் கிடக்கிறது என்று கேட்க அந்தத் திட்டத்தில் வழியே இருக்காது.

நொய்டாவில் இடிபாடு முழுவதையும் வெளியே கொண்டுபோகத் திட்டமிடவில்லை. பெரும்பகுதி கோபுரங்களின் அடித்தளப் பள்ளத்தை நிரப்பவே ஒதுக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 டன் மட்டும் 80ஆம் செக்டாரில் உள்ள கட்டிடக் கழிவுப் பதப்படுத்தும் ஆலைக்குப் போக வேண்டும். அந்த ஆலை ஒரு நாளைக்கு 300 டன் கையாளும். அதற்கு அது மட்டுமே நூறு நாள் வேலை.

இப்போது ஒரு கேள்வி. நொய்டாவில் எத்தனை சதவீதம் மறுசுழற்சி ஆனது? பள்ளத்தில் நிரப்பியதையும் சேர்த்தால் ஏறக்குறைய நூறு. சேர்க்காவிட்டால் நாற்பதுக்கும் கீழே. ஒரே குவியல், இரண்டு விடைகள். இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது.

இந்த வேடிக்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் இயற்றிய கழிவுச் சட்டம், கட்டிடக் கழிவில் எடைக்கணக்கில் 70 சதவீதத்தை 2020க்குள் மீட்டெடுக்க வேண்டும் என்றது. இயற்கையான மண்ணை அது கணக்கிலிருந்து விலக்கியது. ஆனால் வேறு மண்ணோ கல்லோ வாங்குவதற்குப் பதிலாக இடிபாட்டால் பள்ளத்தை நிரப்பினால் அதை மீட்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. இலக்கை எட்டுவது பல நாடுகளுக்குப் பெரிய சிரமமாக இல்லாமல் போனதற்கு இந்த ஒரு வரியும் காரணம்.

லண்டன் 2012 ஒலிம்பிக் பூங்கா இதைவிட நல்ல பாடம். ஸ்ட்ராட்ஃபோர்டில் சுமார் 2.5 சதுர கிலோமீட்டர் பரப்பில், பழைய தொழிற்கூடங்களும் கிடங்குகளுமாக இருநூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களை இடிக்க வேண்டியிருந்தது. இடிபாட்டில் எடைக்கணக்கில் 90 சதவீதத்தை மறுபயன்பாடு அல்லது மறுசுழற்சி செய்வது என இலக்கு வைத்தார்கள். கிடைத்தது 98.5 சதவீதம். உலகெங்கும் பசுமைக் கட்டுமான மாநாடுகளில் இந்த எண் ஒலித்தது. பிறகு பயோரீஜனல் என்ற அமைப்பு அந்தப் பணியை ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதியது. பொருள்கள் பொருள்களாகவே எடுக்கப்பட்டு மறுபடி பயன்பட்டது மிகச் சொற்பம் என்று அது காட்டியது. கருங்கல் பாவுகற்கள், செங்கற்கள் போன்ற சில பூங்காவுக்குள்ளேயே திரும்பி வந்தன. மற்றபடி பெரும்பாலானவை நொறுக்கப்பட்டுத் தரையை உயர்த்தும் கல்லாயின, அல்லது உருக்கப் போயின. இலக்கில் 'அல்லது' என்ற சொல் இருந்ததால் எளிய வழியே வென்றது. மறுபயன்பாட்டுக்கு என்று தனி எண் வைக்காத இடத்தில், அவசரத்தில் இருக்கும் இடிப்பு ஒப்பந்ததாரர் இரும்பு உத்தரத்தைக் கழற்றி அடுக்கி வைப்பதைவிட வெட்டி உருக்க அனுப்பவே விரும்புவார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

அதே ஒலிம்பிக் திட்டத்தில் நேரெதிரான ஓர் உதாரணமும் உண்டு. விளையாட்டரங்கின் கூரையைத் தாங்கும் வளையச் சட்டகத்துக்கு, எரிவாயுக் குழாய்த் திட்டம் ஒன்றில் மீந்துபோன பெரிய எஃகுக் குழாய்களைப் பயன்படுத்தினார்கள். கையில் கிடைத்த குழாயின் விட்டத்துக்கும் தடிமனுக்கும் ஏற்ப வடிவமைப்பாளர்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டார்கள். மறுபயன்பாடு என்பது இடிக்கும் இடத்தில் முடிவாவதில்லை, வரைபட மேசையில் முடிவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி சென்னைக்கு வரலாம். ஒரு கணக்குக்காக, 1980களில் கட்டிய நான்கு தளக் குடியிருப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு 250 சதுர மீட்டர், மொத்தம் 1,000. கான்கிரீட் தூண், உத்தரம், தளம். இடையில் சிமென்ட் கலவையில் கட்டிய செங்கல் சுவர். இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள்.

வரைபடத்தை வைத்து அளந்தால் அஸ்திவாரம் உட்பட கான்கிரீட் சுமார் 250 கன மீட்டர் வரும். கன மீட்டருக்கு 2.4 டன் வீதம் 600 டன். சுவரும் அதே 250 கன மீட்டர் என்றால் 1.8 டன் வீதம் 450 டன். பூச்சு, தரை ஓடு, மொட்டைமாடித் தளவரிசை எல்லாம் சேர்த்து 100 டன். கம்பி, கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 100 கிலோ என்ற கணக்கில் 25 டன். கதவு, ஜன்னல், நிலைச்சட்டம் 5 டன். ஒயர், பிளாஸ்டிக் குழாய், கழிவறைப் பீங்கான், கண்ணாடி என்று இன்னொரு 5 டன். ஆகமொத்தம் 1,185 டன்.

2016ஆம் ஆண்டின் கட்டிடக் கழிவு விதிகள், நாளொன்றுக்கு 20 டன் அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர் வேலையைத் தொடங்குமுன் கழிவு மேலாண்மைத் திட்டத்தை உள்ளாட்சியிடம் கொடுத்து ஒப்புதல் பெற வேண்டும் என்றன. இரண்டு மாதத்தில் இடிப்பு முடிந்தாலும் நம் குடியிருப்பு அந்த வரம்பை ஏறக்குறைய இருமடங்கு தாண்டுகிறது. கழிவை நான்கு வகையாகப் பிரிக்கவும் விதி சொன்னது: கான்கிரீட் ஒன்று, மண் ஒன்று, இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும் ஒன்று, செங்கல்லும் கலவையும் ஒன்று. மூன்றாவது வகையை எழுதியவர் இரும்புக் கடைப் பக்கம் போகாதவராக இருக்க வேண்டும். இரும்பையும் மரத்தையும் பிளாஸ்டிக்கையும் ஒரே குவியலாக எந்தப் பழைய பொருள் வியாபாரியும் வாங்குவதில்லை. இந்த மூன்றையும் தளத்தில் தனித்தனியாகவே வைப்பார்கள்.

பிரிப்பது என்றதும் வண்ண வண்ணத் தொட்டிகள் நினைவுக்கு வரும். திட்ட அறிக்கைகளின் படங்களிலும் அவையே இருக்கும். சென்னையின் ஒரு தெருவில், இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கும் மனையில் அவற்றை எங்கே வைப்பது? இடத்தால் பிரிக்க முடியாததைக் காலத்தால் பிரிப்பதே நடைமுறை. முதல் வாரம் கதவு, ஜன்னல், கிரில், ஒயர், குழாய், பீங்கான், பொய்க்கூரை ஆகியவை மட்டும் கழற்றப்பட்டு வெளியேறும். அடுத்து மொட்டைமாடித் தளவரிசையும் தரை ஓடும் பெயரும். அதன்பின் மேல்தளத்திலிருந்து தொடங்கி ஆட்கள் சம்மட்டியால் சுவர்களை மட்டும் இறக்குவார்கள். செங்கல் முழுவதும் வெளியேறியபின் எலும்புக்கூடாக நிற்கும் கான்கிரீட்டைத்தான் பிரேக்கர் தொடும். அப்போது மனையில் எந்நேரமும் ஒரே வகைக் குவியல்தான் இருக்கும். இந்த வரிசையை மாற்றி முதல் நாளே இயந்திரம் சுவரில் இடித்துவிட்டால், அப்புறம் எத்தனை தொட்டி வைத்தாலும் பிரிக்க முடியாது. எனவே திட்டத்தில் முதலில் தேட வேண்டியது நாட்காட்டி.

இவ்வளவு மெனக்கெட்டுச் செங்கல்லைக் கான்கிரீட்டிலிருந்து ஏன் விலக்க வேண்டும்? விடை ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தர விதியில் இருக்கிறது. ஜல்லி, மணல் பற்றிய இந்த விதி 2016இல் திருத்தப்பட்டபோது முதன்முறையாக இடிபாட்டு ஜல்லிக்கு இடம் கிடைத்தது. தூய கான்கிரீட்டை நொறுக்கிக் கிடைக்கும் ஜல்லியை, எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை சேர்க்கலாம். கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். அஸ்திவாரத்துக்குக் கீழே போடும் மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே அதுவாக இருக்கலாம். ஆனால் செங்கல், ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லிக்கு மெலிந்த கான்கிரீட் ஒன்றே கதி. அதாவது, கலந்துவிட்ட கணத்தில் 600 டன் கான்கிரீட்டும் ஒரு படி கீழே இறங்கிவிடுகிறது. புதிய கட்டிடத்தின் தூணுக்குள் போகத் தகுதியான கல், தரைக்கு அடியில் போடும் கல்லாகிவிடுகிறது.

காரணம் தண்ணீர். செங்கல் நுண்துளைகள் நிறைந்தது. கான்கிரீட் ஜல்லியிலும் பழைய சிமென்ட் ஒட்டிக்கொண்டிருப்பதால் புதுக் கருங்கல் ஜல்லியைவிடப் பலமடங்கு நீரை அது உறிஞ்சும். கலவையில் ஊற்றிய நீரை ஜல்லி குடித்துவிட்டால் கலவை இறுகிப்போகும். அதைச் சரிசெய்ய மேஸ்திரி இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவார், கான்கிரீட்டின் வலிமை குறையும். முன்கூட்டியே ஜல்லியை நனைத்துவைப்பதுதான் இதற்கு வழி.

இன்னொரு பகைவன், பொய்க்கூரையில் இருக்கும் ஜிப்சம். அதன் சல்பேட் கான்கிரீட்டுக்குள் போனால் சிமென்ட்டோடு வினைபுரிந்து விரிந்து வெடிப்பு உண்டாக்கும். குப்பைமேட்டில் புதைந்தாலும் நிம்மதி இல்லை. ஈரமும் மட்கும் குப்பையும் சேர்ந்து காற்றில்லாத நிலையில் பாக்டீரியாக்கள் அந்த சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றும். அழுகிய முட்டை வாடை வீசும் நச்சு வாயு அது. எடையில் ஒரு சதவீதம்கூட இல்லாத பொருள், முதல் வாரமே தனியாக வெளியேற வேண்டியது இதனால்தான். கல்நார் கலந்த சிமென்ட் தகடு மாடியில் இருந்தால் அதற்கு இன்னும் கறாரான நடைமுறை. நனைத்து, உடைக்காமல் முழுதாக இறக்கிப் பொதிந்து, அபாயக் கழிவு ஏற்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மறுபயன்பாட்டின் எல்லை எங்கே என்பதையும் செங்கல்லே சொல்லிவிடும். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய ஜார்ஜ் டவுன் வீடுகளை இடிக்கும்போது செங்கல் முழுதாகக் கழன்று வரும், ஏனென்றால் காரை செங்கல்லைவிட மென்மையானது. சிமென்ட் கலவை செங்கல்லைவிடக் கெட்டி. தட்டினால் இணைப்பு விடுவதற்கு முன் செங்கல் உடையும். ஆகவே நம் 1980களின் குடியிருப்பில் 450 டன் செங்கல்லில் 70 டன் முழுதாக மீண்டால் நல்ல வேலை என்றே சொல்ல வேண்டும். உடைந்ததில் 180 டன்னைப் புதிய கட்டிடத்தின் தரைமட்டத்தை உயர்த்த 'ரப்பீஸ்' ஆகப் போடலாம். மீதி 200 டன் ஆலைக்குப் போகும். பூச்சு, ஓடு வகையில் 60 டன்னும் அதே நிரப்பலுக்கு ஆகும், 40 டன் குப்பைமேட்டுக்கு. கான்கிரீட் 600 டன் ஆலைக்கு, கம்பி 25 டன் உருக்குவதற்கு. மரத்தில் 4 டன் மறுபடி கதவாகவோ நிலையாகவோ ஆகும், ஒரு டன் உளுத்தது. பலசரக்கு 5 டன்னில் மூன்று பழைய பொருள் கடைக்கு, இரண்டு குப்பைக்கு.

இதைக் கூட்டினால் மறுபயன்பாடு 74 டன், மறுசுழற்சி 828 டன், நிரப்பல் 240 டன், குப்பைமேடு 43 டன். சதவீதத்தில் முறையே 6, 70, 20, 4. விளம்பரப் பலகையில் "96 சதவீதக் கழிவு குப்பைமேட்டுக்குப் போகவில்லை" என்று எழுதலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த 96க்குள் 6 மட்டுமே மறுபயன்பாடு. நேர்மையான திட்டம் இந்த நான்கு எண்களையும் நான்கு வரிகளாகவே எழுதும், கூட்டிக் காட்டாது. இலக்கை உயர்த்த நினைக்கிறவர் 96ஐ 98 ஆக்குவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். 6ஐ 10 ஆக்குவதுதான் கடினம், பயனும் அதில்தான் அதிகம். தேக்கு நிலைகளைப் புதிய வரைபடத்தின் அளவுக்குள் கொண்டுவருவது, கிரானைட் சமையல் மேடைகளைப் படிக்கட்டாக்குவது, கிரில்களை மதில்மேல் பொருத்துவது எல்லாம் அந்த வகை. இவை ஒவ்வொன்றும் கட்டிடக் கலைஞரிடம் இடிப்புக்கு முன்பே சொல்லப்பட வேண்டியவை.

எண்களை எழுதுவது எளிது. அவை நடந்தனவா என்று அறிவதற்குத்தான் பதிவேடு.

தமிழ்நாட்டில் லாரிச் சுமையை யூனிட்டில் பேசுவார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மூன்று யூனிட் டிப்பர் என்றால் எட்டரை கன மீட்டர். உதிரியான இடிபாடு கன மீட்டருக்கு 1.4 டன் அளவு இருப்பதால் ஒரு நடைக்கு 12 டன். நம் குடியிருப்பிலிருந்து ஆலைக்குப் போக வேண்டிய 800 டன்னுக்கு ஏறக்குறைய 67 நடை. சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டிடக் கழிவு ஆலைகள் உண்டு. ஒவ்வொரு நடைக்கும் வாசலில் ஒரு சீட்டு எழுதப்பட வேண்டும். அதில் வண்டி எண், தேதி, கிளம்பிய நேரம், எந்த வகைக் கழிவு, எங்கே போகிறது ஆகியவை இருக்கும். ஆலையின் எடைமேடை தரும் சீட்டில் சுமையோடு எடை, வெற்று வண்டி எடை, வந்த நேரம் இருக்கும். இரண்டு சீட்டும் ஒன்றாகக் குத்தப்பட்டால்தான் அந்த நடை கணக்கில் சேரும். வாசல் சீட்டு மட்டும் இருந்து ஆலைச் சீட்டு இல்லையென்றால், வண்டி கிளம்பியது மட்டுமே நிச்சயம்.

ஏமாற்று வேலை நடக்கும் இடம் இந்த இடைவெளி. ஆலைக்குப் போனால் டீசலும் நேரமும் கட்டணமும் ஆகும். இரவில் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கொட்டினால் எதுவும் ஆகாது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் விளிம்புகளும் கூவம் கரையும் இப்படித்தான் மேடேறின. பொய்ச் சீட்டைக் கண்டுபிடிக்கச் சில எளிய வழிகள் உண்டு. எடை எல்லாம் 12.00, 12.00 என்று உருண்டையாக இருந்தால் அது எடைமேடையில் ஏறிய வண்டியல்ல. நெரிசலில் ஒரு மணி நேரம் பிடிக்கும் தொலைவுக்குப் போன வண்டி அரைமணியில் திரும்பி வந்து அடுத்த சுமை ஏற்றினால் அது பாதி வழிகூடப் போகவில்லை. மழைக்கு மறுநாளும் எடை மாறாமல் இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது, ஈர இடிபாடு கூடுதலாக எடை காட்டும்.

இவற்றையெல்லாம்விடக் கூர்மையான சோதனை ஒன்று உண்டு, அதைப் பலர் செய்வதில்லை. இடிபாட்டில் ஒவ்வொரு கிலோவும் ஒழுங்காக எடைபோடப்படும் ஒரே பொருள் இரும்பு, ஏனென்றால் அதற்குக் காசு வருகிறது. விற்பவரும் வாங்குபவரும் எடைமேடையைக் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். 25 டன் கம்பி விற்றதாகச் சீட்டு இருந்தால், கன மீட்டருக்கு 100 கிலோ என்ற விகிதப்படி அது சுமார் 250 கன மீட்டர் கான்கிரீட்டிலிருந்து, அதாவது 600 டன்னிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆலைச் சீட்டுகளில் கான்கிரீட் 380 டன்தான் என்றால் 220 டன் எங்கே? சுமார் 18 நடை வழியில் மறைந்திருக்கிறது. விகிதம் கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறும் என்பதால் பத்து இருபது சதவீத வித்தியாசத்தைப் பெரிதுபடுத்த வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனால் அது அளவைப் பிழை அல்ல.

புதிய கட்டிடம் எழும்போது வரும் கழிவு இதோடு ஒப்பிட்டால் சிறியது. 1,000 சதுர மீட்டருக்கு 40 முதல் 60 டன்தான். ஆனால் அதன் தன்மை வேறு. உடைந்த பிளாக், வெட்டி எறிந்த ஓட்டுத் துண்டு, மீந்த கலவை, சென்ட்ரிங் பலகை, சிமென்ட் மூட்டை என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் சேரும். இதில் பெரும்பகுதி கூடுதலாக வாங்கியதாலும் பாதியில் வரைபடத்தை மாற்றியதாலும் வருவது. பிரிப்பதைவிட வராமல் தடுப்பதே இங்கே மலிவு. அறையின் நீள அகலத்தை ஓட்டின் அளவுக்குப் பொருந்த வைத்தால் வெட்டுத் துண்டே குறைந்துவிடும்.

திட்டமும் பதிவேடும் சட்டத்தால் மட்டும் நிற்குமா என்பதற்கு இங்கிலாந்து ஒரு சோதனைக்களமாக இருந்தது. 2008 ஏப்ரல் முதல் அங்கே மூன்று லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட எல்லாக் கட்டுமானப் பணிக்கும் கழிவு மேலாண்மைத் திட்டம் கட்டாயமானது. ஐந்து லட்சத்துக்கு மேல் என்றால் இன்னும் விரிவாக எழுத வேண்டும். 2013 டிசம்பரில் தேவையற்ற காகிதச் சுமை என்று அரசே அதை நீக்கிவிட்டது. சட்டம் போன பிறகும் பெரிய நிறுவனங்கள் திட்டம் எழுதுவதைத் தொடர்ந்தன. எங்கே எவ்வளவு வீணாகிறது என்று அவற்றுக்கு அந்தத் தாள்கள் காட்டின, அதில் பணம் மிச்சமானது.

இந்தியா எதிர்த்திசையில் நடக்கிறது. 2025இல் அறிவிக்கப்பட்ட புதிய கட்டிடக் கழிவு விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டன. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள திட்டங்களை நடத்துகிறவர்கள் இணையத்தில் பதிவுசெய்து, தங்கள் கழிவுக்கு நீட்டிக்கப்பட்ட பொறுப்பை ஏற்க வேண்டும். மறுசுழற்சி ஆலை தரும் சான்றிதழே அந்தப் பொறுப்பை நிறைவேற்றியதற்கு ஆதாரம். நோக்கம் நல்லது. ஆனால் சென்னையின் உள்தெருக்களில் இடிபடும் நான்கு தளக் குடியிருப்புகள் 1,000 சதுர மீட்டர் அளவிலேயே இருக்கின்றன. இருபது குடியிருப்புகளைச் சேர்த்தால்தான் ஒரு பெரிய திட்டம். சான்றிதழ் வலை அவற்றின்மேல் விழாது. கழிவைப் பிரித்து உரிய இடத்தில் ஒப்படைக்கும் கடமை அவற்றுக்கும் உண்டு என்றாலும், கேட்க ஆளில்லாத கடமை அது.

அந்த அளவில் கேட்கக்கூடிய ஒருவர் வீட்டின் சொந்தக்காரர்தான். சென்னையில் இடிப்பு ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: இரும்பும் மரமும் இடிப்பவருக்கு, மனை சுத்தமாக வேண்டும். பழைய வீட்டை இடிக்கப் போகிறவர்கள் அந்த வரிக்குக் கீழே இன்னும் மூன்று சேர்த்துக்கொள்ளலாம். இடிக்கும் வரிசை நாள்வாரியாக எழுதப்பட வேண்டும். இரும்பு விற்ற எடைச்சீட்டின் நகல் வேண்டும். பேசிய தொகையில் நாலில் ஒரு பங்கை, ஆலையின் எடைமேடைச் சீட்டுகள் கைக்கு வந்து கணக்கு ஒத்துப்போன பிறகே கொடுக்க வேண்டும்.